மணிக்கு மணி வரும் அளவை அப்படியே பட்டியலில் தேடக்கூடாது

கேள்வி: சென்னை நிலையம் ஒன்றின் பிஎம் 2.5 அளவை மணிக்கொரு முறை எடுத்து நானே காற்றுத் தரக் குறியீடான ஏக்யூஐ போடுகிறேன். தீபாவளி இரவு எனக்கு 'கடுமை' என்று வந்தது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிக்கையில் 'மிதமானது' என்றிருந்தது. எங்கே தப்பு?

பதில்: ஏக்யூஐ வகைகளின் பட்டியலில் பிஎம் 2.5 அளவு 250-க்கு மேல் போனால் 'கடுமை' என்று இருக்கிறதே, அந்த 250 ஒரு மணி நேரத்து அளவு அல்ல. 24 மணி நேரச் சராசரி. நீங்கள் இரவு பத்து மணி அளவை நேராக அதில் கொண்டுபோய் வைத்திருப்பீர்கள். எங்கள் குடியிருப்பு வாசலில் காற்றின் தரத்தைக் காட்டும் ஒரு பலகை வைத்தபோது நானும் இதையேதான் செய்தேன்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் வைத்துக்கொண்டவை; காலை வெடியை விட்டுவிடுகிறேன். சாதாரண நேரத்தில் 40 மைக்ரோகிராம். மாலை ஏழு மணியிலிருந்து ஏழு மணி நேரத்துக்கு 90, 160, 260, 340, 300, 200, 110. உச்சமான 340-ஐ மட்டும் பார்த்தால் 'கடுமை'. மாலை 4 முதல் மறுநாள் மாலை 4 வரை கூட்டினால் 2140. 24-ஆல் வகுத்தால் 89.2. இது 60–90 படியில் விழுகிறது, அந்தப் படிக்குக் குறியீடு 100–200. ஆக 100 + 29.2 × 100/30, அதாவது 197. 'மிதமானது', ஆனால் 'மோசம்' ஆக மூன்று புள்ளிதான் பாக்கி.

ஏன் மாலை 4? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தினசரி அறிக்கை அந்த நேரத்தில்தான் வருகிறது. இதே எண்களை நள்ளிரவில் வெட்டினால் தீபாவளி நாளுக்கு 165, மறுநாளுக்கு 83. புகை இரண்டு நாளுக்குப் பங்காகி, மறுநாள் 'திருப்திகரம்' ஆகிவிடுகிறது! தவறென்று சொல்ல முடியாது, ஆனால் வாரியத்தின் எண்ணோடு ஒத்துப்போகாது.

அடுத்து பலரும் செய்வது, ஒவ்வொரு மணிக்கும் ஏக்யூஐ போட்டுவிட்டு அவற்றைச் சராசரி எடுப்பது. மேலே உள்ள எண்களுக்கு அப்படிச் செய்தால் 150 வரும், 197 வராது. காரணம், படிகள் ஒரே சரிவில் இல்லை. 60 முதல் 120 வரை ஒரு மைக்ரோகிராமுக்குக் குறியீடு 3.3 ஏறுகிறது, 120-க்கு மேல் 0.8கூட ஏறுவதில்லை. அதனால் உச்ச நேரங்கள் அமுங்கிப்போகின்றன. முதலில் அளவுகளைச் சராசரி எடுங்கள், அப்புறம் ஒரே ஒரு முறை குறியீடாக மாற்றுங்கள்.

பைத்தானில் இது இரண்டு மூன்று வரிதான்:

```python
df = df.asfreq("h")
pm = df["pm25"].rolling(24, min_periods=16).mean()
o3 = df["o3"].rolling(8, min_periods=6).mean()
daily = pm.at_time("16:00")
```

முதல் வரியை விட்டுவிடாதீர்கள். கருவி நின்றுபோன மணிகளுக்கு வரிசையே இல்லாமல் தரவு வரும். அப்போது 24 வரிசை என்பது 30 மணி நேரமாகக்கூட நீண்டுவிடும், பிழை எதுவும் காட்டாது. வெற்றிடத்தை 0 என்று நிரப்பினால் இன்னும் மோசம். காற்று திடீரென்று கொடைக்கானல் ஆகிவிடும். கடைசி வரியும் 15:00–16:00 அளவுக்கு 16:00 என்று முத்திரை குத்தியிருந்தால்தான் சரி. தொடக்க நேரத்தைக் குத்தும் தரவென்றால் `15:00` என்று மாற்றுங்கள்.

16 என்பது வாரியத்தின் விதி: குறைந்தது 16 மணி நேர அளவு இல்லாவிட்டால் அந்த மாசுக்கான தனிக் குறியீடு, அதாவது துணைக் குறியீடு, கிடையாது. ஆனால் இந்த விதியை நம்பி நிம்மதியாகத் தூங்க முடியாது. மேலே சொன்ன இரவில் அந்த ஏழு மணி நேரமும் மின்சாரம் போயிருந்தால்? மீதி 17 மணி நேரம் இருக்கிறது, விதிப்படி செல்லும். சராசரி 40, குறியீடு 67, 'திருப்திகரம்'. அதனால் என் பலகையில் எத்தனை மணி நேர அளவு விட்டுப்போனது என்பதையும் வகைக்குப் பக்கத்திலேயே போடுகிறேன்.

ஓசோனுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் மட்டும் சராசரி எடுக்கும் சாளரம் 8 மணி நேரம். ஓசோன் வெயிலில் உருவாவது; இரவையும் சேர்த்து 24-ஆல் வகுத்தால் பிற்பகல் உச்சம் கரைந்துவிடும். நாளுக்கு ஒரு எண் வேண்டுமென்றால் நான் அன்றைய 8 மணி நேரச் சராசரிகளில் உயர்ந்ததை எடுக்கிறேன். (எட்டில் ஆறு இருந்தால் போதும் என்பது நானாக வைத்துக்கொண்டது.) கடைசியில் துணைக் குறியீடுகளில் பெரியதுதான் அன்றைய ஏக்யூஐ. அதற்கும் குறைந்தது மூன்று மாசுகளின் அளவு வேண்டும், அவற்றில் ஒன்று பிஎம் 2.5 அல்லது பிஎம் 10 ஆக இருக்க வேண்டும். பிஎம் 2.5 மட்டும் வைத்திருக்கிறீர்கள் என்றால் பலகையில் 'ஏக்யூஐ' என்று எழுதாமல் 'பிஎம் 2.5 துணைக் குறியீடு' என்று எழுதுங்கள்.

தீபாவளி இரவு பத்து மணிக்கு வெளியே போகலாமா என்று பார்க்க இந்த 197 உதவாது. அதற்கு அந்த மணி நேரத்து 340-ஐ மைக்ரோகிராமாகவே தனியே காட்டுங்கள், வகையின் பெயரோ நிறமோ கொடுக்காமல்.