மீனவர் மகளுக்குக் கடல் படிக்கட்டில் இருக்கிறது

கேள்வி: கேம் ஒன்றுக்குத் தொடக்கக் காட்சி எழுதுகிறேன். கடலோர நகரம் மூழ்கிவிட்டது, மீனவர் மகள் ஒருத்தி அங்கே வாழ்கிறாள். பின்னணிக் குரலை "ஒருநாள் கடல் எல்லாவற்றையும் விழுங்கியது" என்று தொடங்கியிருக்கிறேன். ஏனோ ஒட்டவில்லை. எப்படி மாற்றலாம்?

அந்த வரி டிவி செய்தியில் வருவது போல இருக்கிறது. மீனவர் வீட்டில் யாரும் கடலைப் பற்றி அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. எண்ணூர்ப் பக்கம் ஒரு குப்பத்தில் பிறந்தவள் நான். அப்பா ஃபைபர் போட்டில் தொழிலுக்குப் போனவர். இப்போது கேம்களுக்கு வசனம் எழுதுவதுதான் என் பிழைப்பு. உங்கள் நகரம் சென்னை மாதிரி ஓர் ஊர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதை முடிவு செய்யுங்கள். 2015 டிசம்பரில் சென்னையை மூழ்கடித்தது கடல் கிடையாது. மழையும் ஏரித் தண்ணீரும் ஆற்று வழியாக, ஊருக்குப் பின்னாலிருந்து வந்தன. 2023 மிக்ஜாம் புயலின்போது கடல் பொங்கி நின்றதால் முகத்துவாரத்தில் ஆற்றுத் தண்ணீர் வடிய முடியாமல் தேங்கியது. அப்படிப்பட்ட வெள்ளம் சில நாளில் வடிந்துவிடும். உங்கள் கதையில் அது வடியவே இல்லை என்றால், கடல் மட்டமே உயர்ந்து நகரத்துக்குள் நிற்கிறது என்று அர்த்தம். அப்போது அந்தத் தண்ணீர் ஒரே இடத்தில் நிற்காது. தினமும் இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை வற்றும். குடிக்கவும் ஆகாது, மழைத் தண்ணீரைத்தான் மொட்டைமாடியில் பிடித்து வைக்க வேண்டும். மூழ்கிய நகரம் என்று வரைபவர்கள் பெரும்பாலும் குளம் போல அசையாத தண்ணீரையும், சுவரெல்லாம் பச்சைப் பாசியையும் போட்டுவிடுகிறார்கள். ஏறி வற்றும் கடல் தண்ணீர் என்றால் தூணில் கொட்டலசு என்கிற, கூரான ஓடுள்ள சின்ன உயிர்கள் வெள்ளையாக ஒட்டிப் பிடித்திருக்கும். அந்த வெள்ளைப் பட்டை எவ்வளவு உயரம் போகிறதோ, தண்ணீர் வழக்கமாக அவ்வளவு உயரம் வருகிறது.

அடுத்தது அந்தப் பெண். எங்கள் கரையில் பெண்கள் வழக்கமாகக் கடலுக்குப் போக மாட்டார்கள். ஏலம், விற்பனை, கருவாடு, பணம் எல்லாம் அவர்கள் கையில் இருக்கும். துடுப்பு மட்டும் ஆண்கள் கையில். எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ராமேஸ்வரம் பக்கம் பாசி எடுக்கப் பெண்கள் கடலில் இறங்கி முங்குகிறார்கள் என்று யாராவது எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் என்னைப் போன்ற மகளுக்குத் தெரிந்த கடல், கரையில் நின்று பார்த்த கடல். எந்தக் காற்றில் படகு போகும், எந்தக் காற்றில் திரும்பும், எத்தனை மணிக்குள் மீன் வந்தால் விலை கிடைக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. விடியற்காலையில் கரையிலிருந்து வீசும் கச்சான் படகைக் கடலுக்குள் தள்ளும். மத்தியானம் கிழக்கிலிருந்து வரும் கொண்டல் கரைக்குக் கொண்டு வரும். என்ஜின் வந்த பிறகு இது பழைய பேச்சாகிவிட்டது. உங்கள் நகரத்தில் டீசல் தீர்ந்து போயிருக்கும் என்பதால் பாயும் காற்றும் திரும்பி வந்தாக வேண்டும்.

இப்போது அவள் கரை எது? மாடிப்படிதான். சென்னைக் கடலில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் ஏறி இறங்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மீட்டர். வீட்டுப் படி ஒன்று 15 முதல் 17 செ.மீ. உயரம் இருக்கும். ஆக, ஆறு படி. அஷ்டமி வாக்கில் அது இரண்டு மூன்று படியாகக் குறைந்துவிடும். உச்சத்திலிருந்து வற்ற ஆறு மணி நேரம் போல ஆகும், கிட்டத்தட்ட மணிக்கு ஒரு படி. நடுவில் வேகமாகவும் தொடக்கத்திலும் முடிவிலும் மெதுவாகவும் இறங்கும். அவளுக்குக் கடிகாரமும் காலண்டரும் அந்தப் படிக்கட்டே. இதை வைத்துத்தான் நான் எழுதுவேன்:

"அமாவாசைக்கு ஆறு படி ஏறும். ஆறு படி இறங்கும். கொட்டலசு பிடிச்ச படியில கால் வைக்காதன்னு ஆயா கத்தும்.

அப்பா கச்சான்ல பாய் விரிச்சிட்டுப் போனாரு. கொண்டல் எழும்பினா வந்துருவேன்னாரு. கொண்டல் மூணு நாளா எழும்புது.

கீழ சின்ன படகு கட்டிக் கிடக்கு. எங்க வீட்டுப் பொம்பளைங்க யாரும் துடுப்பு தொட்டதில்ல.

தண்ணி இப்ப மேல் படியில நிக்குது. ரெண்டு படி வத்துனா சந்துல மதிலெல்லாம் தலை தூக்கும். அதுக்குள்ள தாண்டணும்."

நிறுத்தி நிதானமாகச் சொன்னால், நடுவில் தண்ணீர்ச் சத்தத்துக்கு இடம் விட்டு, ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நகரம் எப்படி மூழ்கியது என்று ஒரு வார்த்தை இல்லை என்பதைக் கவனியுங்கள். அதைப் படம் காட்டட்டும்: மாடிப்படியில் கட்டிய படகு, தண்ணீருக்குள் நிற்கும் மின்கம்பம். கடைசி வரி விளையாடுபவர் கையில் வேலையைக் கொடுக்கிறது. தொடக்கத்தில் மெதுவாக இறங்குவதால், உச்சத்திலிருந்து இரண்டு படி வற்ற ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆகும். அதையே சுருக்கி முதல் கட்டத்தின் கால அளவாக வைத்துவிடலாம். மதில் விஷயம் கற்பனை இல்லை. 2015இல் குப்பத்துப் படகுகளை ஊருக்குள் கொண்டு போய் ஆட்களை மீட்டபோது, தண்ணீருக்குள் மறைந்திருந்த காம்பவுண்டு சுவரும் நிறுத்தி வைத்த கார்களும்தான் பெரிய தொல்லை என்று போய் வந்தவர்கள் சொன்னார்கள். ப்ரொபெல்லர் மாட்டிக்கொள்ளும் என்று என்ஜினைத் தூக்கிவிட்டுக் கயிறு கட்டி இழுத்தார்களாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேட்கப்படாத விஷயம்தான். முன்பு ஒரு குழுவுக்கு இதே மாதிரி ஒரு மீனவர் பாத்திரத்துக்கு எழுதிக் கொடுத்தேன். பதிவு அன்று குரல் கொடுக்க வந்தவரிடம், "இன்னும் லோக்கலா, இழுத்துப் பேசுங்க" என்றார்கள். சினிமாவில் காமெடிக்கு வைத்திருக்கிற அந்தப் பேச்சு. என் அப்பா வீட்டில் மெதுவாகத்தான் பேசுவார், கடலில் காற்று இரைச்சல் என்பதால் கத்துவார். இந்த வித்தியாசம்கூட வேண்டாம் என்று ஆகிவிட்டது. நான் எழுதிய காற்றுப் பெயர்களையும் "யாருக்கும் புரியாது" என்று எடுத்துவிட்டுக் "காற்று" என்று மட்டும் வைத்தார்கள். வேறொரு நாட்டுக் கேமில் வாயில் நுழையாத வாள் பெயரையெல்லாம் பொறுமையாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்குக் கொண்டல் புரியாதா? எனக்கு இன்னும் ஆறவில்லை. நீங்கள் அந்தப் பெயர்களை எடுத்துவிடாதீர்கள்.

உங்கள் நகரம் சென்னை இல்லை, மும்பை என்றால் மேலே சொன்ன கணக்கு செல்லாது. அங்கே பெரிய ஏற்றத்தில் வித்தியாசம் நான்கு மீட்டருக்கு மேல் போகும். ஒரு மாடியே தண்ணீரிலிருந்து எழுந்து மறுபடி முங்கும். காற்றும் திசை மாறிவிடும், ஏனென்றால் அங்கே கடல் மேற்கில் இருக்கிறது. இந்திய சர்வே துறை ஆண்டுதோறும் துறைமுக வாரியாக, கடல் ஏறி வற்றும் அளவைச் சொல்லும் ஓத அட்டவணை வெளியிடுகிறது. உங்கள் ஊரின் பக்கத்தை எடுத்து, அமாவாசை அன்று உச்சத்துக்கும் வற்றலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் படி உயரத்தால் வகுத்துப் பாருங்கள். முதல் வரியில் "ஆறு" இருக்கும் இடத்தில் அந்த எண்ணைப் போடுங்கள்.