தை 14-ஆ, தை 15-ஆ? பத்திரிகையில் எந்தத் தேதியை அடிப்பது?

கேள்வி: "என் தங்கையின் கல்யாணம் 2026 ஜனவரி 28, புதன்கிழமை. அதிகாலை 4.30–6.00 முகூர்த்தம். வீட்டில் தொங்கும் காலண்டரில் அன்று தை 14. ஜோசியர் கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுத்த தாளில் தை 15. அப்பத்தா தமிழ்த் தேதி மட்டும்தான் பார்ப்பார். தம்பியோ, தமிழ்த் தேதியே வேண்டாம், இங்கிலீஷ் தேதி போதும் என்கிறான். எதை அடிப்பது?" – சிவகங்கை வாசகர்

பதில்: இரண்டு தேதியையும் அடியுங்கள். தமிழ்த் தேதியாகத் தை 14 என்று போடுங்கள். இரண்டுக்கும் நடுவில் கிழமையைப் பெரிதாகப் போடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஜோசியர் மேல் சந்தேகப்பட வேண்டாம். அவர் தாளில் பிழை இல்லை. நம் தமிழ் மாதம் சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குள் நுழைவதை வைத்துப் பிறக்கிறது. அந்த நுழைவு சூரியன் மறைவதற்குள் நடந்தால் அன்றே மாதம் 1-ஆம் தேதி. மறைந்த பிறகு நடந்தால் மறுநாள்தான் 1-ஆம் தேதி. நுழையும் நேரத்தைக் கணக்கிட நம்மிடம் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு முறைகள் இருக்கின்றன. இரண்டுக்கும் சில மணி நேரம் வித்தியாசம் வரும். பெரும்பாலான மாதங்களில் அந்த வித்தியாசம் தேதியைத் தொடாது. நுழைவு மாலையை ஒட்டி வந்துவிட்டால்தான் சிக்கல்.

2026 தையில் அதுதான் நடக்கிறது. திருக்கணிதப்படி சூரியன் ஜனவரி 14-ஆம் தேதி பிற்பகலிலேயே மகரத்துக்குள் போய்விடுகிறது. அந்தக் கணக்கில் 14-ஆம் தேதியே தை 1. வாக்கியப்படி நுழைவு அன்று பொழுது சாய்ந்த பிறகு. அப்படியானால் ஜனவரி 15, வியாழக்கிழமைதான் தை 1. ஜோசியர் பயன்படுத்தும் மென்பொருள் திருக்கணிதம், உங்கள் சுவரில் தொங்குவது வாக்கியம். அவ்வளவுதான்.

சரி, ஏன் வாக்கியத்தை எடுக்கச் சொல்கிறேன்? எந்த முறை சரி என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. பத்திரிகையை வாசிக்கப் போகிறவர் எந்தக் கணக்கில் நாளை எண்ணுகிறார் என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது. அப்பத்தாவுக்குத் தை 1 என்றால் பொங்கல் பானை வைக்கிற நாள். தமிழ்நாடு அரசின் பொங்கல் விடுமுறையும் ஜனவரி 15-தான். உங்கள் தெருவே அன்றைக்குத்தான் பொங்கல் வைக்கப் போகிறது. அங்கிருந்து அவர் விரல்விட்டு எண்ணினால் புதன்கிழமை தை 14-இல் வந்து நிற்கும்.

பத்திரிகையில் தை 15 என்று இருந்து, அவர் அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். தன் வீட்டுக் காலண்டரில் தை 15-ஐத் தேடுவார். அது ஜனவரி 29, வியாழன். வெளியூரில் இருக்கிற அவர் தங்கச்சியிடம் போனில் "பதினஞ்சாந்தேதி" என்று சொல்லிவிடுவார். அந்தப் பாட்டி பஸ் பிடித்து வந்து இறங்கும்போது மண்டபத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

அச்சடிக்கக் கொடுக்கும் முன் ஜோசியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: "வீட்டுக் காலண்டர்ப்படி தை 14-னு அடிக்கிறோம், கிழமையும் நேரமும் நீங்க குறிச்சதுதான்." அவரும் மறுக்க மாட்டார். முகூர்த்தம் மாறவில்லை, அந்த நாளைக் கூப்பிடும் எண்தான் மாறுகிறது. அப்புறம், நிச்சயத்தன்று எழுதிய முகூர்த்த ஓலையில் தை 15 என்று இருந்தால் சம்பந்தி வீட்டாருக்கும் இப்போதே தெரிவித்துவிடுங்கள். அவர்களும் தனியாகப் பத்திரிகை அடிப்பார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பத்திரிகையில் ஒரு தேதி, பெண் வீட்டுப் பத்திரிகையில் வேறு தேதி என்று ஊருக்குள் போனால் அதைத் திரும்பப் பிடிக்கவே முடியாது.

இனி அதிகாலை முகூர்த்தம். தமிழ்த் தேதியைவிட இதில்தான் எனக்குக் கவலை அதிகம். பஞ்சாங்கத்தில் ஒரு நாள் சூரிய உதயத்தில் தொடங்கி அடுத்த உதயம் வரை ஓடுகிறது. ஜனவரி கடைசியில் நம் பக்கம் சூரியன் எழ ஆறரை மணி தாண்டிவிடும். ஆக 4.30 மணிக்குக் கணக்குப்படி இன்னும் செவ்வாய்க்கிழமைதான், தை 13-தான். பெரியவர்கள் பழக்கமும் அதை ஒட்டித்தான் இருக்கிறது. எழுந்து, முகம் கழுவி, சாமி கும்பிட்ட பிறகுதான் காலண்டர் தாளைக் கிழிப்பார்கள். நாலரை மணிக்குச் சுவரில் தெரிவது செவ்வாய்க்கிழமைத் தாள். ராத்திரி 12 மணிக்குத் தேதி மாறுகிறது என்பது நம் செல்போனுக்குத் தெரியும், அந்தத் தாளுக்குத் தெரியாது.

பத்திரிகை வழக்கத்தில் விடியப் போகிற நாளின் தேதியைத்தான் போடுகிறோம். நீங்களும் தை 14, புதன் என்றே போடுங்கள். ஆனால் அதன் கீழே "செவ்வாய் இரவு விடிந்தால் புதன்" என்று ஒரு வரி சேருங்கள். நம் பாட்டிமார் பேசுகிற பேச்சே அதுதான், அவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. எந்த ராத்திரி மண்டபத்தில் தங்க வேண்டும் என்பதும் அந்த வரியிலேயே தெரிந்துவிடும். முந்தின நாள் மாலை வரவேற்பு இருந்தால் அதற்கும் தனியாக இரண்டு தேதியையும் கொடுங்கள். வரவேற்புக்கு மட்டும் இங்கிலீஷ் தேதி, முகூர்த்தத்துக்கு மட்டும் தமிழ்த் தேதி என்று கலந்து போட்ட பத்திரிகைகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே நாளா, அடுத்தடுத்த நாளா என்று வாசிப்பவருக்குப் புரியாது.

மேட்டரை இப்படிக் கொடுக்கலாம்:

விசுவாவசு வருடம் தை மாதம் 14-ஆம் தேதி
புதன்கிழமை
2026 ஜனவரி 28
அதிகாலை 4.30 மணிக்கு மேல் 6.00 மணிக்குள்
(செவ்வாய் இரவு விடிந்தால் புதன்)

வரவேற்பு: தை மாதம் 13-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, 2026 ஜனவரி 27, மாலை 6.30 மணி

திதி, நட்சத்திரம், யோகம், லக்னம் எல்லாம் வழக்கம்போல் வரட்டும். ஆனால் அவற்றை இதற்கு அடுத்த வரியில் தள்ளுங்கள். "நிகழும் மங்களகரமான" என்று தொடங்கி "சுபயோக சுபதினத்தில்" என்று முடிகிற நீண்ட வாக்கியத்தின் நடுவில் தேதியும் கிழமையும் சிக்கிக்கொண்டால் கண் புரை உள்ளவர்களால் தேடி எடுக்க முடியாது. சிவப்பு அட்டையில் தங்க நிற எழுத்து பார்க்க அழகுதான். தேதிக்கு மட்டும் அது வேண்டாம். மஞ்சள் பத்திரிகையில் அடர் சிவப்பு எழுத்து எழுபது வயதுக் கண்ணுக்கும் தெரியும்.

மாதத்தை எழுத்தில் போடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 28.01.2026 என்றால் குழப்பம் இல்லை, 28-ஆவது மாதம் கிடையாது. ஆனால் இதே பழக்கத்தில் அடுத்த விசேஷத்துக்கு 01.02.2026 என்று போட்டால், அமெரிக்காவில் வளர்ந்த பேரன் அதை ஜனவரி 2 என்று படிப்பான். அதேபோல "தை மீ 14 உ" என்கிற பழைய குறியீட்டு முறையையும் விட்டுவிடுங்கள். ௴, ௳ என்ற மாத, நாள் குறிகளைத்தான் அச்சில் மீ, உ என்று போட்டுப் பழகிவிட்டோம். தெரிந்தவர்களுக்கு அது அழகு. தெரியாத பிள்ளைகள் அந்த உ-வைப் பிள்ளையார் சுழி என்று நினைப்பார்கள், பழைய ஆட்களில் சிலர் தமிழ் எண் இரண்டு என்றும் படிக்கக்கூடும்.

புரூஃப் வந்ததும் பொங்கல் தேதியிலிருந்து நீங்களே ஒருமுறை எண்ணிப் பாருங்கள். 28-இல் 15-ஐக் கழித்து 1 கூட்டினால் 14. அடுத்து, கிழமை இரண்டு தேதிக்கும் பொருந்துகிறதா என்று காலண்டர் தாளைப் புரட்டிப் பாருங்கள். பிறகு வருடப் பெயர். ஜனவரியில் இங்கிலீஷ் வருடம் மாறிவிடும், விசுவாவசு 2026 ஏப்ரல் 13 வரை ஓடும். புது வருடம் பிறந்துவிட்டதே என்று அடுத்த பெயரான பராபவ-வைப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. பழைய ஃபைலைத் திறந்து பெயர்களை மட்டும் மாற்றுகிற இடத்தில் போன வருடத்துக் குரோதி அப்படியே நிற்பதும் நடக்கும்.

எங்கள் வீட்டிலேயே ஒன்று நடந்தது. என் அத்தை மகள் கல்யாணம் மண்டபம் கிடைக்காமல் ஒரு வாரம் தள்ளிப் போனது. அச்சகத்துக்குப் போன் செய்து "தேதியை மாத்திடுங்க" என்றோம். இங்கிலீஷ் தேதியையும் கிழமையையும் மாற்றினார்கள், தமிழ்த் தேதி பழையபடியே அச்சாகிவிட்டது. புரூஃபைப் பார்த்தவன் நான்தான். இங்கிலீஷ் தேதியை மட்டும் சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். என் பெரியப்பா ஒரு வாரம் முன்னதாகவே வேட்டி சட்டையோடு மண்டப வாசலில் போய் நின்றுவிட்டார். தேதி மாறினால் தமிழ்த் தேதி, கிழமை, இங்கிலீஷ் தேதி, திதி, நட்சத்திரம், முகூர்த்த நேரம், வரவேற்புத் தேதி எல்லாம் சேர்ந்து மாற வேண்டும். அதனால் திருத்தத்தைப் போனில் சொல்லாதீர்கள். முழு வரியையும் புதிதாக எழுதி அனுப்புங்கள்.

தம்பி கேட்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. லீவு போடுகிறவனுக்கும் ரயில் டிக்கெட் எடுக்கிறவனுக்கும் ஜனவரி 28 தான் வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தில் அதை மேலே போட்டுக்கொள்ளட்டும், தமிழ்த் தேதியை மட்டும் எடுக்க வேண்டாம். அந்தப் படத்தைப் பேரப்பிள்ளைகள்தான் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுவார்கள். "தை எத்தனை?" என்று கேட்டால் அவர்கள் சொல்ல வேண்டுமே.

கடைசியாக, அப்பத்தாவிடம் எண்ணே சொல்லாமல் நாளைச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. 2026-இல் தைப்பூசம் பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை. ஆக கல்யாணம் "தைப்பூசத்துக்கு முந்தின புதன்". பத்திரிகை வைக்கப் போகிற வீடுகளில் அட்டையைக் கையில் கொடுக்கும்போது இதைச் சொல்லுங்கள். பிறகு அவர்கள் வீட்டுக் காலண்டரிலேயே அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்து, பேனாவால் ஒரு வட்டம் போட்டுவிட்டு வாருங்கள். அவர்கள் காலண்டரில் அன்று தை 15 என்று இருந்தாலும் பரவாயில்லை, வட்டம் புதன்கிழமையில் இருக்கும்.