நரியை மடக்குவது எப்படி?

"நரியும் வாத்தும் ஆட்டத்தில் 13 வாத்து இருந்தும் ஒற்றை நரியை மடக்க முடியவில்லையே, ஏன்?"

அவசரம்தான் காரணம். முன்னால் நிற்கும் வாத்துக்கு நேர் பின்கட்டம் காலியாக இருந்தால் நரி அதைத் தாண்டிவிடும். நம்ம ஆடுபுலி மாதிரிதான். பின்னால் இன்னொரு வாத்தோ பலகையின் விளிம்போ இருந்தால் தாண்ட முடியாது. அதனால் ஜோடியாகவே நகர்த்துங்கள்.

தர்மபுரியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாக்பீஸால் 33 புள்ளிச் சிலுவை வரைந்து, புளியங்கொட்டைகளை வாத்தாக வைத்து ஆடுவோம். மூலைவிட்டக் கோடுகளும் உண்டு. நரியை மூலையில் ஒதுக்கினால் போதும் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். தப்பு! மூலையில் மூன்று வழிகள். ஒவ்வொன்றையும் அடைத்து, பின்னால் காவலும் வைக்க ஆறு வாத்து வேண்டும்.

சிலுவைக் கையின் கடைசி வரிசை நடுப்புள்ளிக்கு மூலைவிட்டம் கிடையாது. அங்கே நரி நின்றால் இரு மூலைகளிலும் ஒவ்வொரு வாத்து. அவற்றுக்கு விளிம்பே காவல். அப்புறம் நரிக்கு எதிரே ஒன்று, அதன் பின்னால் ஒன்று. நான்கே வாத்தில் நரி அசையாது.