நீத்தண்ணியும் சீரமும் ஒன்றா?

“‘80 சதவீதம் புளிக்கவைத்த அரிசி நீர்’ என்று எழுதிய 30 மில்லி சீரம் வாங்கினேன். எங்கள் ஆச்சியோ, ‘இது நம்ம நீத்தண்ணிதானே’ என்கிறார். இரண்டும் ஒன்றா? ஏழு நாளில் கருமை போகும் என்பதை நம்பலாமா?”
— வாசகி, அம்பாசமுத்திரம்

ஆச்சி சொல்வதில் பாதி சரி. நம் பக்கத்து வீடுகளில் அரிசி களைந்த கழனித்தண்ணீர், சோறு வடித்த கஞ்சி, இரவில் சோற்றில் ஊற்றிவைத்த நீத்தண்ணி என்று மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. அழகுப்பொருள் விற்பவர்கள் மூன்றையும் ‘அரிசி நீர்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். புளித்தது நீத்தண்ணி மட்டுமே. மற்ற இரண்டிலும் முக்கியமாக இருப்பது மாவுச்சத்து. அது தோலின்மேல் மெல்லிய படலமாகப் படிவதால்தான் தடவியவுடன் வழவழப்புத் தெரிகிறது.

சீரத்தில் இருப்பது நீத்தண்ணியும் அன்று. தேர்ந்தெடுத்த ஈஸ்ட்டையோ பாக்டீரியாவையோ தொட்டியில் வளர்த்து, உயிரணுக்களை வடிகட்டி நீக்கியபின் எஞ்சும் நீரை ‘ஃபெர்மென்ட் ஃபில்ட்ரேட்’ என்பார்கள்; உயிரணுக்களை உடைத்து எடுத்த சாறு என்றால் ‘லைசேட்’ என்று எழுதியிருக்கும். வடிநீரில் பெரும்பகுதி வெறும் தண்ணீர்தான். உங்கள் புட்டியில் 80 சதவீதம் என்றால் 24 மில்லி வடிநீர். அதில் கரைந்த பொருள் நூற்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ கால் கிராம். இந்த இரண்டாவது எண்ணை அட்டை சொல்வதில்லை.

சதவீதம் போடாத புட்டியென்றால், பொருட்பட்டியலில் ‘ஃபீனாக்ஸிஎத்தனால்’ என்ற பதனப்பொருளைத் தேடுங்கள். 1 சதவீதத்துக்கு மேற்பட்ட பொருள்கள் அளவின் இறங்குவரிசையில்தான் பட்டியலில் வரும். ஃபீனாக்ஸிஎத்தனாலின் உச்ச அளவே 1 சதவீதம் என்பதால், அதற்குப் பின்னால் வரும் புளிப்புச்சாறு அந்த அளவைத் தாண்டியிருக்காது.

ஏழு நாள் கணக்கை நான் ஏற்கமாட்டேன். மேல்தோல் புதுப்பித்துக்கொள்ளவே ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். ஒரு வாரத்தில் தெரியும் பளபளப்புக்குப் பெரும்பாலும் கிளிசரின் போன்றவை பிடித்துவைக்கும் ஈரமே காரணம். ஆகவே, ‘சோதித்தோம்’ என்று ஒரு நிறுவனம் சொன்னால், புளிப்புச்சாறு மட்டும் சேர்க்காத அதே சீரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா என்று கேளுங்கள். சாக்கே என்ற அரிசி மதுவை வடிப்பவர்களின் மென்மையான கைகளைப் பற்றிய ஜப்பானியக் கதை அதற்குப் பதிலாகாது. அக்கதையோடு சேர்த்து விற்கப்படும் கேலக்டோமைசஸ் என்ற நுண்ணுயிர், சாக்கேயை நொதிக்கச் செய்யும் ஈஸ்ட்டே அன்று.

அதற்காக நீத்தண்ணியைப் புட்டியில் அடைத்துவைக்கவும் வேண்டாம். பதனப்பொருள் இல்லாத அந்த நீர் நம் ஊர் வெயிலில் மேலும் புளித்துக்கொண்டே போகும். அரிசியோடு வரும் பாசில்லஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதித்த சோற்றிலும் பிழைத்திருக்கக்கூடியவை. ஆசைப்பட்டால் அன்றன்றைக்கு எடுத்துத் தடவிச் சில நிமிடங்களில் கழுவிவிடுங்கள். உடைந்த பரு, சிரங்கு, கீறல் உள்ள இடத்தில் படவே கூடாது.

வாங்கிவிட்ட சீரத்தை முதலில் முழங்கையின் உட்பக்கத்தில் காலையும் மாலையும் ஒரு வாரம் தடவிப் பாருங்கள். அங்கே அரிப்போ சிவப்போ வந்தால் முகத்துக்கு வேண்டாம்.