மழை வாரத்தில் பண்டிகை மெனு

"மழை பிடித்தால் தக்காளி பாதி அழுகி வருகிறது, கீரை வருவதே இல்லை. அதே வாரம் பண்டிகைக் கூட்டம். மெனுவை எப்படிப் போடுவது?"

முதலில் வாங்கும் எடையை விட்டுவிட்டு, வெட்டிய பிறகு மிஞ்சும் எடையைக் கணக்கில் எடுங்கள். உதாரணமாக, சாதாரண நாளில் 10 கிலோ தக்காளியில் 9 கிலோ தேறுகிறது, மழையில் 7 கிலோதான் என்று வைப்போம். 18 கிலோ தேவைப்பட்டால் 20க்குப் பதில் 26 கிலோ வாங்க வேண்டும். விலையும் ஏறியிருந்தால் அடி இரண்டு பக்கமும் விழும். சில நாள் எடை போட்டாலே உங்கள் கணக்கு தெரிந்துவிடும்.

அதனால் மழைக்கு முன்பே, கெட்டியான தக்காளி கிடைக்கும்போது, வேகவைத்து அரைத்து, நன்றாக வற்றவிட்டு, சீக்கிரம் ஆறவைத்து 1 கிலோ பைகளில் தட்டையாக உறையவையுங்கள். குழம்புக்கு அது போதும். பச்சையாகப் பரிமாறும் உணவுக்கு ஆகாது. அந்த மாதிரி உணவுகளை அந்த வாரம் மெனுவிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கீரைக்குப் பெயர் போட்டு அச்சடிக்காதீர்கள். "இன்றைய கீரை" என்றே இருக்கட்டும், வராத நாளில் பூசணியோ பருப்போ அந்த இடத்துக்கு வரும். அப்புறம், ஈரத்தோடு வந்த கீரைக்கட்டை அப்படியே அடுக்கினால் மறுநாளே நடுவில் கறுத்துவிடும். பிரித்து, துணியில் பரப்பி உலர்த்தியே உள்ளே வையுங்கள்.