பளபளப்பான மூடி: வரிப் பட்டையும் வளைவுச் சீப்பும் சொல்வது என்ன?

கேள்வி: ப்ளூடூத் ஸ்பீக்கருக்குப் பளபளப்பான கறுப்பு ஏபிஎஸ் மூடி செய்கிறோம். மேல்பக்கம் தட்டை, ஓரத்தில் 6 மி.மீ. ஆர வளைவு, பக்கச் சுவர் 300 மி.மீ. ஆரத்தில் லேசாக உப்பியிருக்கும். சுவர்த் தடிமன் 2.5 மி.மீ. டிசைனர் வரிப் பட்டைப் படம் ஒன்றும் சீப்புப் படம் ஒன்றும் அனுப்பி, "பரப்பு வழுவழுப்பாக இருக்கிறது" என்கிறார். அச்சு வெட்டப் பணம் கட்டும் முன் இவற்றை எப்படிப் படிப்பது?

பதில்: முதலில் படத்தை ஓரம் வைத்துவிட்டு 3டி மாடலைக் கேட்டு வாங்குங்கள். வரிப் பட்டைகள் என்பவை கோடு கோடான வெளிச்சம் பரப்பில் பிரதிபலிப்பது போலக் கணினி வரைபவை; பார்க்கும் கோணத்துக்கு ஏற்ப நகர்பவை. இரண்டு பரப்புகள் சேரும் இணைப்புக் கோட்டுக்கு இணையாகப் பட்டை ஓடும் கோணத்தில் படம் எடுத்தால் எந்தக் குறையும் தெரியாது. கோப்பு `.step` அல்லது `.3dm` ஆக இருக்கட்டும். `.stl` வேண்டாம், அதில் இருப்பது வெறும் முக்கோணங்கள், வளைவு பற்றிய தகவல் கிடையாது.

ரைனோ என்ற 3டி மாடலிங் மென்பொருளில் `Zebra` கொடுங்கள். பட்டைகள் ரம்பப் பல் போலத் தெரிந்தால் பதறாதீர்கள். பெரும்பாலும் அது திரைக்காகப் போடும் முக்கோண வலையின் கண்ணி பெரிதாக இருப்பதன் விளைவு. கண்ணியைச் சிறிதாக்கிவிட்டு, பட்டைகள் இணைப்பைக் குறுக்காக வெட்டும்படி மாடலைத் திருப்புங்கள். இணைப்பில் பட்டை அறுந்து பக்கவாட்டில் விலகினால், இரண்டு பரப்புகளும் திசை ஒத்துச் சேரவில்லை. இதை அப்படியே திருப்பி அனுப்பலாம். பட்டை அறுபடாமல் சேர்ந்து, ஆனால் அந்த இடத்தில் சட்டென்று மடங்கினால், திசை ஒத்திருக்கிறது, வளைவின் அளவு ஒத்திருக்கவில்லை. இதுதான் ஜி1. மடங்காமல் வழுக்கிக்கொண்டு போனால் ஜி2. பிரதிபலிப்பு பரப்பின் சாய்வைப் பொறுத்தது. அதனால்தான் சாய்வு மாறும் வேகத்தில் ஒரு தாவல் இருந்தால் பட்டை மடங்குகிறது.

ஓர வளைவு சாதாரண 6 மி.மீ. ஃபில்லெட், அதாவது வெறும் வட்ட வில், என்றால் உங்களுக்குக் கிடைப்பது ஜி1 வகைதான். எவ்வளவு தாவல் என்பதை, கோட்டின் மேல் வளைவின் அளவைப் பற்களாக வரையும் சீப்பு காட்டும். இணைப்புக்குச் செங்குத்தாக `Section` எடுத்து, அந்தக் கோட்டில் `CurvatureGraph` போடுங்கள். ஒவ்வொரு பல்லின் நீளமும் 1-ஐ அந்த இடத்தின் ஆரத்தால் வகுத்த அளவு. தட்டையில் பல்லே இருக்காது. ஃபில்லெட் தொடங்கும் புள்ளியில் 0.167-க்கு எகிறும், ஃபில்லெட் முழுக்க அதே உயரத்தில் நிற்கும், பக்கச் சுவரில் 0.003-க்கு விழும். பார்க்கப் பெட்டி போல இருக்கும். அந்த இரண்டு செங்குத்து விளிம்புகளும்தான் கறுப்புப் பளபளப்பில் இரண்டு கூர்மையான ஒளிக்கோடுகளாகத் தெரியப்போகின்றன.

"ஜி2 ஆக்கித் தாருங்கள்" என்று மட்டும் சொன்னால் வேறு சிக்கல் வரும். சீப்பின் அடியில் அடங்கும் பரப்பளவு, கோடு மொத்தம் எவ்வளவு திரும்புகிறது என்பதற்குச் சமம். இங்கே ஏறக்குறைய 90 பாகை, அதாவது 1.57 ரேடியன். இப்போதைய வில்லின் நீளம் 9.4 மி.மீ.; அதை 0.167-ஆல் பெருக்கினால் அதே 1.57 வரும். சீப்பு பூஜ்யத்திலிருந்து நேர்கோடாக ஏறி மறுபடி அப்படியே இறங்க வேண்டும், நீளமும் மாறக்கூடாது என்றால், நடு உச்சி இரட்டிப்பாகி 0.33-க்குப் போகும். ஆரம் 3 மி.மீ. ஆகிவிடும். 2.5 மி.மீ. சுவரைக் கழித்தால் உள்மூலைக்கு மிஞ்சுவது அரை மி.மீ. மூலை கூராகத் தெரியும், மாடலை உள்ளே குடைந்து சுவராக்கும் ஷெல் கட்டளையும் தடுமாறலாம். உச்சியில் ஆரம் 6 மி.மீ.-க்குக் குறையாமல் வேண்டுமானால், வளைவின் நீளத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி 19 மி.மீ. தர வேண்டும். அதற்குத் தட்டையிலும் சுவரிலும் வளைவு இன்னும் தள்ளியே தொடங்க வேண்டும். மேலே பட்டன், லோகோ இருந்தால் இடம் போதுமா என்று இப்போதே பாருங்கள்.

திருத்தி வந்ததும் சீப்பை மறுபடி போடுங்கள். இணைப்பில் இரு பக்கப் பற்களும் ஒரே உயரத்தில் சேர வேண்டும். பற்களின் நுனிகளைச் சேர்க்கும் நுனிக்கோடு அங்கே சற்று மடங்கினாலும் இந்த மூடிக்குப் போதும்; அதையும் நீக்குவது ஜி3, அதற்குத் தனியாகக் கூலி கேட்டால் தர வேண்டியதில்லை. நடுவிலும் ஒரு முறை பாருங்கள். நுனிக்கோடு ஒரே ஒரு மேடாக ஏறி இறங்க வேண்டும். பல மேடு பள்ளங்கள் இருந்தால் பெரும்பாலும் பரப்பின் வடிவைப் பிடித்திருக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் அதிகம். குறைத்துக் கட்டச் சொல்லுங்கள். பற்கள் கோட்டின் மறுபக்கம் புரண்டால் அங்கே பரப்பு உள்வாங்கியிருக்கிறது. எங்கும் தட்டையாகவோ வெளிப்புறம் உப்பியோ இருக்க வேண்டிய இந்த மூடியில் அதை ஏற்கவே கூடாது. ஆனால் சீப்பின் அளவுகோலை அளவுக்கு மீறிக் கூட்டாதீர்கள். `Section` கோடே தோராயமானது. அதன் நுண்ணிய நடுக்கம்கூட மலை போலத் தெரிந்து, நல்ல டிசைனரோடு வீண் சண்டை வரும்.

இரண்டு சோதனையும் மாடலுக்கு மட்டுமே பொருந்தும். உள்ளே தடித்த ரிப்போ ஸ்க்ரூ தூணோ இருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் சுருங்கி விழும் குழி இவற்றில் தெரியாது. அதை முதல் மாதிரிக் காயை நீண்ட டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பித்தான் பார்க்க வேண்டும். பளபளப்பை விட்டுவிட்டு அச்சில் சொரசொரப்பு டெக்ஸ்சர் போடும் எண்ணம் இருந்தால், பழைய 6 மி.மீ. ஃபில்லெட்டே போதும். ஜி2 வேலைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.