குழுக் கூட்டத்தில் முதல் மூன்று நிமிடம் என்ன பேசுவது?

"எங்கள் ஊர் மகளிர் சுய உதவிக் குழுவில் 14 பேர் இருக்கிறோம். இந்த மாதம் முதல் நான்தான் ஊக்குநர். கூட்டத்தைத் தொடங்கி வைத்து வரவேற்றுப் பேச வேண்டும். எல்லாரும் எனக்கு அக்கா, அத்தை முறை. மேடைப் பேச்சு எனக்கு வராது. என்ன சொல்லித் தொடங்குவது?"

மேடைப் பேச்சு வராததே நல்லது. வந்திருப்பவர்கள் அடுப்பையும் மாட்டையும் விட்டுவிட்டு வந்தவர்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் வரவேற்புரையை யாரும் காதில் வாங்க மாட்டார்கள். "பேரன்புமிக்க உறுப்பினர்களே" என்றால் உங்கள் அத்தையே சிரித்துவிடுவார். தினமும் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிடுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். இரண்டு பேரைப் பெயர் சொல்லி வரவேற்று "மற்றும் அனைவருக்கும்" என்று முடித்தால், அந்த "மற்றும்" ஒரு வருடத்துக்குச் சிலர் மனத்தில் உறுத்தும். எல்லாரையும் சேர்த்து ஒரே வணக்கம், அல்லது வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி எல்லார் பெயரும். பதிவேட்டு வரிசையில் யாருக்கும் மனக்குறை வராது. வங்கியிலிருந்தோ ஒன்றிய அலுவலகத்திலிருந்தோ யாராவது வந்திருந்தால், உறுப்பினர்களுக்குப் பிறகு அவருக்கு ஒரு வரி போதும். இது உங்கள் கூட்டம்.

அடுத்து உடனே பணக் கணக்குக்கு வாருங்கள். பலர் கணக்கைக் கூட்டத்தின் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். அதற்குள் பாதிப்பேர் எழுந்து போயிருப்பார்கள். மீதிப்பேர் சரி சரி என்று தலையாட்டிக் கையெழுத்துப் போடுவார்கள். சந்தேகம் மட்டும் வீட்டுக்குப் போய்த் திண்ணையில் முளைக்கும். போன கூட்டம் முடிந்தபோது பெட்டியில் 3,240 ரூபாய் இருந்தது, மறுநாள் 2,600 ரூபாயை வங்கியில் கட்டினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்படிச் சொல்லலாம்:

"எல்லாருக்கும் வணக்கம். 14 பேரில் 12 பேர் வந்திருக்கிறோம். ஓர் அக்காவுக்குக் காய்ச்சல், ஓர் அத்தை தன் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். இரண்டு பேரும் முன்னரே சொல்லிவிட்டார்கள். போன கூட்டம் முடிந்தபோது கையிருப்பு 3,240. அதில் 2,600 வங்கியில் கட்டியாயிற்று, இதோ ரசீது. பெட்டியில் 640 இருக்கிறது, எண்ணிப் பாருங்கள். இன்றைக்குச் சேமிப்பு, தவணை வசூல், பிறகு புதிதாகக் கடன் கேட்டிருக்கும் இரண்டு பேரைப் பற்றிப் பேசுவோம். முதலில் போன கூட்டத்துத் தீர்மானத்தை வாசித்துவிடலாம்."

முழு வரவேற்புரையும் இவ்வளவுதான். "எண்ணிப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை உண்மையிலேயே ஓர் உறுப்பினர் கையில் கொடுங்கள். மாதாமாதம் வேறு வேறு ஆள் எண்ணட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் நோட்டு எண்ணத் தெரியும்.

இதற்கு ஒரு முன்வேலை உண்டு. கூட்டத்துக்கு முதல் நாள் பெட்டியிலுள்ள பணத்தை ரொக்கப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். 100 ரூபாய் குறைந்தால், புதிய ஊக்குநர்கள் பயந்துபோய்க் கைக்காசைப் போட்டு நிரப்பிவிடுகிறார்கள். நான் பார்த்த தவறுகளில் இதுதான் மோசமானது. காரணம் தெரியாமலே போவதால், அடுத்த மாதமும் அதே ஓட்டை இருக்கும்.

பெரும்பாலும் அது களவாக இருக்காது, எழுத்துப் பிழையாகவே இருக்கும். ஒருவர் 5,000 ரூபாய் கடன் வாங்கியிருக்கிறார், உங்கள் குழுவில் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி என்றால், மாத வட்டி 100. அவர் தருவார் என்று நம்பி ரொக்கப் புத்தகத்தில் வரவு எழுதிவிட்டு, அவர் அசலை மட்டும் கொடுத்துப் போயிருந்தால், பெட்டியில் 100 குறையும். வட்டியை வாங்கி அவருடைய பாஸ்புத்தகத்தில் மட்டும் எழுதியிருந்தால், பெட்டியில் 100 கூடுதலாக இருக்கும். ஆகவே வித்தியாசத் தொகையைப் பார்த்ததும், அதே தொகை யாருடைய வட்டி அல்லது சேமிப்பு என்று பாஸ்புத்தகங்களில் தேடுங்கள். கிடைக்கவில்லை என்றால் தொடக்கத்திலேயே, "பெட்டியில் 100 குறைகிறது, எல்லாரும் பாஸ்புத்தகத்தை எடுங்கள், சேர்ந்து பார்ப்போம்" என்று நீங்களாகச் சொல்லிவிடுங்கள். அடுத்தவர் கண்டுபிடித்துச் சொன்னால் அது புகாராகிவிடும்.

தவணை பாக்கி வைத்தவரைப் பற்றி வரவேற்பில் ஜாடையாகக்கூடப் பேசாதீர்கள். "சிலர் ஒழுங்காகக் கட்டுவதில்லை" என்று தொடங்கினால் அவர் அடுத்த கூட்டத்துக்கே வரமாட்டார். வராதவரிடம் வசூல் இன்னும் கடினம். தவணை வசூலின்போது, அவர் முறை வரும்போது, எத்தனை தவணை பாக்கி என்பதை மட்டும் சொல்லி, எப்போது கட்ட முடியும் என்று கேளுங்கள்.

தீர்மானப் புத்தகத்தில் "ஊக்குநர் வரவேற்றுப் பேசினார்" என்று மட்டும் எழுதிவிடுவது வழக்கம். அதற்குக் கீழே "கையிருப்பு ரூ. 640 எண்ணிச் சரிபார்க்கப்பட்டது" என்று எழுதி, எண்ணியவரிடம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொள்ளுங்கள்.